மூன்று மீட்டர் அறுபது

"வயிறு நூத்திப் பதினெட்டு!"

கிறிஸ்பின் தார்கி அளவு நாடாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு கூவினார். மேசையின் மறுகோடியில் இருந்த அவர் மனைவி செனோபியா, பேரேட்டில் எண்ணைக் குறித்துக்கொண்டாள். அந்தக் கடையில் எப்போதும் அப்படித்தான். அளப்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர். நடுவே தையல் இயந்திரங்களின் சத்தம். கூவாவிட்டால் எண் போய்ச் சேராது.

"ஜனவரியில நூத்திப் பதினொண்ணு. அஞ்சு மாசத்துல ஏழு சென்டிமீட்டர்! உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, உருளைக்கிழங்கை எண்ணிப் போடச் சொல்லி" என்றார் கிறிஸ்பின்.

பெஞ்சில் முறைக்காகக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அளவு கொடுத்தவனும் வயிற்றைத் தட்டிக்கொண்டு சிரித்தான். லா பாஸ் நகரின் சரிவான தெருக்களில் அது திருவிழா வாரம். சனிக்கிழமை ஆண்டவர் ஊர்வலம். தெருவெல்லாம் ஆடிக்கொண்டு போகப்போகிற அறுபது ஆண்களுக்கு, ஒரே துணியில் அறுபது கோட்டும் கால்சட்டையும் தைக்கும் வேலை கிறிஸ்பினுடையது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள்தான் காலணி துடைப்பவன் ஒருவன் வாசலில் வந்து நின்றான். இந்த ஊரில் காலணி துடைப்பவர்கள் கண் மட்டும் தெரியும்படி முகத்தை மூடிக்கொண்டுதான் வேலை செய்வார்கள். யாரும் அவர்கள் முகத்தைக் கேட்பதில்லை. வந்தவன் ஒரு பொட்டலத்தைக் கிறிஸ்பின் கையில் கொடுத்தான். அதன்மேல் மடித்த சீட்டு ஒன்று குத்தியிருந்தது.

"யாருப்பா குடுத்தது?"

அவன் தோளைக் குலுக்கிவிட்டுத் தெருச் சரிவில் இறங்கிப் போய்விட்டான்.

கிறிஸ்பின் பொட்டலத்தின் ஒரு முனையை விலக்கிப் பார்த்தார். உடனே மூடினார். பெஞ்சில் இருந்தவர்களிடம், "இன்னைக்கு இது போதும், நாளைக்கு வாங்க" என்றார். அவர் குரலில் இருந்த மாற்றத்தைக் கேட்டு ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை.

உள்ளே இருந்தது புறாக்கழுத்து நிறக் கம்பளித் துணி. வெளிச்சத்தில் சாய்த்தால் மட்டும் தெரிகிற மெல்லிய செந்நிறக் கோடு ஓடியது. அந்த வருடத்தின் துணி. சனிக்கிழமை காலை வரை அறுபது பேரையும் அவர்கள் வீட்டாரையும் தவிர யார் கண்ணிலும் படக்கூடாத துணி.

*

மறுநாள் காலை, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சிறிய வீட்டில் கிறிஸ்பின் அந்தப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். எதிரே ஃபெர்மினா அபாசா. பேருந்து நிலையத்தின் தொலைந்த பொருள் அறையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். ஒரு குடையையோ ஒற்றைக் கையுறையையோ மடியில் வைத்துக்கொண்டு, அது யாருடையதாக இருக்கும் என்று சொல்லிவிடுவாள் என்று பேர். ஓய்வு பெற்ற பிறகும் ஜனங்கள் எதையாவது எடுத்துக்கொண்டு அவளிடம் வந்துகொண்டிருந்தார்கள். அவள் பேசுவதைவிடப் பேசாமல் இருப்பதே அதிகம். அவளுக்கும் சேர்த்து அவள் தங்கை கணவன் வில்மர் பேசினான். மினி பஸ் ஓட்டுகிறவன்.

"அக்கா, இவர் வேர்த்து வேர்த்து வந்திருக்கார். இந்தக் குளிர்ல வேர்க்குதுன்னா பெரிய விஷயம்தான்" என்றான் வில்மர்.

கிறிஸ்பின் நடந்ததைச் சொன்னார்.

"எங்க குழு கம்பெனிக்காரன்கிட்ட தனியா நெய்யச் சொல்லி வாங்கின துணி, அக்கா. வேற எவன்கிட்டயும் இருக்க முடியாது. நான் ஆண்டவர் படத்துக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டிருக்கேன், ஒரு சாண் துணிகூட வெளிய போகாதுன்னு. நாலு வருஷம் முன்னாடி மேல்தெரு தையல்காரர் ஒருத்தர் இருந்தார். ஊர்வலத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி அவங்க துணியில வேற எவனோ சட்டை போட்டுக்கிட்டு சந்தையில நடந்தான். அவ்வளவுதான். ஒரே மாசத்துல அவர் கடைக்கு நாய்கூட எட்டிப் பாக்கல. இப்ப மேட்டு ஊரு எல் ஆல்ட்டோவுல திரைச்சீலை ஓரம் அடிச்சுக்கிட்டிருக்கார்."

"குழுவுல கேட்டீங்களா?"

"எப்படிக் கேக்கறது? துணி வெளிய வந்திருக்குன்னு நானே போய்ச் சொன்னா, மொத சந்தேகம் என் மேலதான. துணிச்சுருள் என் கடையிலதான இருக்கு. தைச்சாலும் ஆபத்து. தைச்சது எவன் உடம்புல ஏறி எங்க நடக்குமோ. தைக்கலன்னாலும் ஆபத்து. உள்ள இருக்கிற பெரிய மனுஷன் யாராவது கேட்டிருந்தா? ராத்திரி பூரா தூங்கல."

ஃபெர்மினா சீட்டை வாங்கினாள். கிறிஸ்பின் கடையின் அச்சடித்த சீட்டுதான் அது. மேல்பாதியில் துணி, லைனிங், கேன்வாஸ், பட்டன் என்று கட்டங்கள். எல்லாவற்றிலும் பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. கோட்டு, கால்சட்டை. லைனிங் நான்கு மீட்டர். கோட்டுக்கு விறைப்புத் தரும் கேன்வாஸ் இரண்டு மீட்டர். பஞ்சு விரிப்பு இரண்டு மீட்டர். கால்சட்டை இடுப்பில் உள்பக்கம் ஆறு பட்டன். வெள்ளிக்கிழமை மதியம் வேண்டும். ட்ரையல் தேவையில்லை. லைனிங்கும் கேன்வாஸும் பஞ்சும் பொட்டலத்திலேயே மடித்து வைத்திருந்தன.

கீழ்ப்பாதியில் பன்னிரண்டு அளவுக் கட்டங்கள். மார்பு, வயிறு, இடுப்பு, தோள், கை என்று வரிசையாக. ஒன்றில்கூட எண் இல்லை. பெயரும் இல்லை.

அவள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளியே ஒரு பேருந்து பின்வாங்கும் சத்தம் கேட்டது. கிறிஸ்பின் தன் கோக்கா தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"உங்க சுருள்ல துணி குறைஞ்சிருக்கா?" என்று கடைசியில் கேட்டாள்.

"இல்லக்கா. நேத்தே மூணு தடவை அளந்தேன். ஒரு விரல் குறையல."

"வேற எங்கயாவது இந்தத் துணி இருக்கா?"

கிறிஸ்பின் தயங்கினார். "விழாத் தலைவர் வீட்டுல. ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் துணியை அவர் வீட்டு ஆண்டவர் படத்துக் காலடியில வைப்போம். கடைசி நேரத்துல எவன் கோட்டையாவது தீ சுட்டுட்டா, அதுக்குக் காவல் துணி. இந்த வருஷம் தலைவர் ஃப்ளோரென்சியோ கிஸ்பெர்ட்."

"அப்ப அங்க திருட்டு!" என்று துள்ளினான் வில்மர். "அண்ணே, ஆண்டவர் காலடியிலேர்ந்து திருடியிருக்கான்!"

கிறிஸ்பின் முகம் இன்னும் வெளுத்தது.

ஃபெர்மினா துணியின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "இது கடைக்காரன் வெட்டினது இல்ல. பாருங்க, ஓரம் படி படியா இருக்கு. சின்னக் கத்தரிக்கோல், வீட்டுச் சமையலுக்கு வச்சிருக்கிற மாதிரி." பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "இது எத்தனை மீட்டர்?"

கிறிஸ்பின் கழுத்து நாடாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அளக்கல" என்றார்.

"தையல்காரர்!" என்று வில்மர் தலையில் அடித்துக்கொண்டான். "அளவு இல்லாத சீட்டுன்னு அழுதுக்கிட்டு வந்த மனுஷன், துணியை அளக்கல."

தன் துணி ஒழுங்காக இருக்கிறதா என்ற பயத்தில், வந்த துணியை அளக்கத் தோன்றவே இல்லை அவருக்கு. இப்போது கழுத்தில் தொங்கிய நாடாவை எடுத்துத் தரையில் விரித்து அளந்தார். அகலம் வழக்கம்போல ஒன்றரை மீட்டர். நீளம் மூன்று மீட்டர் அறுபது சென்டிமீட்டர்.

ஃபெர்மினா சீட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தாள். "இங்க பாருங்க. மார்புக் கட்டத்துல என்னமோ எழுதி ரப்பரால அழிச்சிருக்கு. தாள் சுருங்கியிருக்கு. ஒரே ஒரு எண்ணோட தடம்."

வில்மர் மூக்கு படும்படி குனிந்தான். "ஒன்பது."

"ஒன்பதுதான். அடுத்த எண்ணை எழுதறதுக்கு முன்னாடியே கை நின்னுடுச்சு."

*

கடைக்கு அவர்கள் மூவரும் சேர்ந்து போனார்கள். செனோபியா நான்கு வருடப் பேரேடுகளையும் எடுத்து வைத்தாள். ஃபெர்மினா சீட்டை அவளிடம் காட்டினாள்.

"இது பழைய சீட்டு" என்றாள் செனோபியா பார்த்த உடனே. "கீழ இருக்கிற போன் நம்பர் மாத்தி ரெண்டு வருஷமாச்சு. பழைய வாடிக்கைக்காரர் வீட்டுல கெடந்திருக்கும்."

தொண்ணூறுகளில் மார்பளவு உள்ள பழைய வாடிக்கைக்காரர் யார் என்று தேடினார்கள். ரோமுலோ காயே. தொண்ணூற்று நான்கு. போன வருடம் குடித்துவிட்டு ஒத்திகைக்கு வந்ததற்காகக் குழுவிலிருந்து விலக்கப்பட்டவன். வாசலில் நின்று, "நீங்க விட்டாலும் விடாட்டியும் நான் ஆடத்தான் போறேன்" என்று கத்திவிட்டுப் போனவன்.

"பிடிச்சாச்சு!" என்றான் வில்மர். ஃபெர்மினா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டு போய்விட்டான்.

அவன் திரும்பி வரும்வரை கிறிஸ்பின் வேலை செய்வதுபோல நடித்துக்கொண்டிருந்தார். முடிந்த கோட்டுகள் சுவரோரம் வெள்ளைத் துணி போர்த்தித் தொங்கின. அறுபது முதுகுகள் தனக்குப் பின்னால் நின்றுகொண்டு பார்ப்பதுபோல இருந்தது அவருக்கு. ஒரு ஆட்டக்காரர் கை நீளம் சரிபார்க்க வந்தார். கிறிஸ்பின் அளந்து, பழக்கத்தில், "அறுபத்தி மூணு! குரங்குக்கே இவ்வளவு நீளம் கிடையாதுய்யா" என்று கூவினார். பெஞ்சில் இருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த ஃபெர்மினா அந்த ஆட்டக்காரரின் காது சிவந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வில்மர் ஒரு பை நிறைய ரொட்டியோடு, தொங்கிய முகத்தோடு வந்தான்.

"ரோமுலோ எதிர்க்குழுவுல சேர்ந்துட்டான். அவன் கோட்டு ரெடி. ஆரஞ்சு நிறம். கண்ணே கூசுது. சகோதரா, நீயும் வந்து சேருன்னு என்னைக் கூப்பிடறான். ரொட்டி அவன் பொண்டாட்டி குடுத்தது."

"அவன் இல்லன்னு தெரியும்" என்றாள் ஃபெர்மினா. "நீ சாவியைக் கொஞ்சம் மெதுவா எடுத்திருந்தா சொல்லியிருப்பேன். கிறிஸ்பின் அண்ணே, மார்பு தொண்ணூத்தி நாலு இருக்கிறவனுக்கு கோட்டும் கால்சட்டையும் தைக்க எவ்வளவு துணி?"

"ரெண்டு எண்பது. தாராளமா மூணு."

"மூணு அறுபதுல ரெண்டு ஒல்லிப்பசங்களுக்குத் தைக்கலாமா?" என்று கேட்டான் வில்மர்.

"முடியாது. ரெண்டாவது ஆளுக்குக் கால்சட்டைதான் மிஞ்சும்."

"அப்ப மூணு அறுபது யாருக்கு ஆகும்?"

"பெரிய உடம்புக்காரருக்கு. ஒரு முன்பாகமே துணியோட பாதி அகலத்தைத் தின்னுடும். பக்கத்துல கால்சட்டையைச் சொருக முடியாது. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வெட்டணும். நீளம் கூடிடும்."

ஃபெர்மினா செனோபியாவைப் பார்த்தாள். செனோபியா ஏற்கெனவே பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் விரல் இரண்டு இடங்களில் நின்றது. ஒன்று கசாப்புக் கடைக்காரர். அவருடைய கோட்டு முடிந்து சுவரில் தொங்குகிறது. இன்னொன்றைப் படிக்கும்போது அவள் குரல் இறங்கியது.

"தலைவர் ஃப்ளோரென்சியோ கிஸ்பெர்ட். போன வருஷம், மார்பு நூத்தி இருபத்தி ரெண்டு. வயிறு நூத்தி இருபத்தி ஆறு. துணி மூணு அறுபது. அதுக்கு முந்தின வருஷமும் மூணு அறுபது. அதுக்கு முந்தியும்."

"அவர் இந்த வருஷம் நம்மகிட்ட தைக்கலயே" என்றார் கிறிஸ்பின். "அவர் சம்சாரம் பெனெடிக்டா அம்மாதான் வந்து சொன்னாங்க. மகன் புவெனஸ் அய்ரஸ்ல இருக்கான், அங்கேயே தைச்சு அனுப்பறான்னு. எனக்கு மனசு கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்தது. பன்னண்டு வருஷம் நான் தைச்சேன்."

"எப்ப வந்து சொன்னாங்க?"

"பிப்ரவரி. கார்னிவல் முடிஞ்ச வாரம்."

ஃபெர்மினா எழுந்து போய்க் கடை வாசலைச் சாத்தினாள். இயந்திரங்களை நிறுத்தச் சொன்னாள். தையல்காரர்கள் இருவரையும் தேநீர் குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினாள். அந்தக் கடையில் பகல் வேளையில் அப்படி ஒரு அமைதி வந்ததே இல்லை.

"துணி பெரிய உடம்புக்காரருடையது" என்றாள். "அழிச்ச எண் ஒல்லியான ஒருத்தருடையது. ரெண்டையும் ஒரே கைதான் அனுப்பியிருக்கு. ரெண்டு ஆள்னு நினைக்கிறவரைக்கும் ஒண்ணும் புரியாது. ஒரே ஆள்னு வச்சுப் பாருங்க."

அவள் பொட்டலத்தைப் பிரித்து மேசைமேல் பரப்பினாள்.

"இப்ப மத்த சாமானைப் பாருங்க. லைனிங் எவ்வளவு ஆகும் ஒரு கோட்டுக்கு?"

"ரெண்டு. பெரியவருக்கு ரெண்டரை" என்றார் கிறிஸ்பின்.

"நாலு மீட்டர் வந்திருக்கு. கோட்டுக்குள்ள போட இன்னொரு உடுப்புக்கும் சேத்து. பஞ்சு விரிப்பு தோளுக்கு ரெண்டு சாண் போதும். ரெண்டு மீட்டர் எதுக்கு? கேன்வாஸ் ரெண்டு பங்கு எதுக்கு? கால்சட்டைக்குள்ள ஆறு பட்டன் எதுக்கு?"

"தோள்பட்டை வார் மாட்ட" என்றார் கிறிஸ்பின் மெல்ல. "பெல்ட் நிக்காது. பெல்ட் நிக்க இடுப்புல சதை வேணும்."

"நான் ஏதோ பஞ்சுக்குள்ள கடத்தறாங்கன்னு நினைச்சேன்" என்றான் வில்மர். அவன் குரலும் தணிந்திருந்தது.

"கடத்தத்தான் போறாங்க. போன வருஷத்து ஃப்ளோரென்சியோவை" என்றாள் ஃபெர்மினா.

செனோபியா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஆனா அளவு ஏன் எழுதல?" என்று கேட்டார் கிறிஸ்பின். "பேர் ஏன் எழுதல? எழுத ஆரம்பிச்சு ஏன் அழிக்கணும்? என்கிட்ட சொல்றதுக்கு என்ன? பன்னண்டு வருஷமா அந்த உடம்பு எனக்குத் தெரியுமே!"

செனோபியா தலையைக் குனிந்துகொண்டு பேரேட்டின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். கடைசியில் கணவனைப் பார்க்காமலேயே பேசினாள்.

"பிப்ரவரியில ரொட்டிக்கடை எவுசேபியோ கோட்டைச் சின்னதாப் பிடிச்சுத் தைக்கக் குடுக்க வந்தார். நீங்க அளந்தீங்க. என்ன கூவினீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. பதினொரு சென்டிமீட்டர் குறைஞ்சிருக்கு! யாருய்யா உன் சோத்தைத் திங்கறா? கடை முழுவதும் சிரித்தது. எவுசேபியோ சிரிக்கவில்லை. இரண்டு வாரத்தில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவருக்கு நோய் என்பது அவர் மனைவிக்குத் தெரிவதற்கு முன்பே தெருவுக்குத் தெரிந்திருந்தது. மார்ச் மாதம் அடக்கம்.

"அன்னைக்குப் பெனெடிக்டா அம்மா இந்தப் பெஞ்சுலதான் உக்காந்திருந்தாங்க" என்றாள் செனோபியா. "அவங்க முறை வர்றதுக்கு முன்னாடியே எழுந்து போயிட்டாங்க. மறுவாரம் வந்து, புவெனஸ் அய்ரஸ்ல தைக்கறோம்னு சொன்னாங்க."

"இந்தக் கடையில அளவைச் சீட்டுல எழுதினாலும் அதை ஒருத்தர் சத்தமாப் படிச்சுத்தான் இன்னொருத்தர் பேரேட்டுல ஏத்தறீங்க" என்றாள் ஃபெர்மினா. "அந்தம்மாவுக்கு அது தெரியும். ஒன்பதுன்னு எழுதினதும் உங்க குரல் காதுல கேட்டிருக்கும். அழிச்சுட்டாங்க."

கிறிஸ்பின் நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தார். நேற்றிலிருந்து நெஞ்சைப் பிடித்திருந்த பயம் போய்விட்டது. துணி திருட்டுப் போகவில்லை, கடைக்கு ஆபத்தில்லை. ஆனால் அதைவிட மோசமான ஒன்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

*

புதன்கிழமை காலை கிறிஸ்பின் ஃப்ளோரென்சியோ வீட்டுக்குத் தனியாகப் போனார். ஃபெர்மினா வர மறுத்துவிட்டாள். "பொருள் யாருடையதுன்னு கண்டுபிடிச்சாச்சு. கொண்டுபோய்க் குடுக்கறது உங்க வேலை" என்று சொல்லிவிட்டாள்.

கதவைத் திறந்த பெனெடிக்டா அவரையும் அவர் கையிலிருந்த சின்னப் பையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தைக்கலயா?" என்றாள்.

"யாருக்குன்னு தெரியலம்மா. நேத்துதான் தெரிஞ்சது."

"தெரியலயா?" உண்மையான ஆச்சரியம் அவள் முகத்தில். "மூணு அறுபது அனுப்பினேனே! பன்னண்டு வருஷமா அவருக்கு மூணு அறுபதுதான வெட்டறீங்க? வேற யாருக்கு அவ்வளவு வேணும்? நீங்க துணியை விரிச்சு அளந்த உடனே தெரிஞ்சுடும்னு நினைச்சேன். பழைய அளவு பேரேட்டுல இருக்கு. வெளிய அந்த அளவு, உள்ள பஞ்சு. சொல்லாமலே புரியும்னு நினைச்சேன்."

கிறிஸ்பின் தான் அளக்கவில்லை என்பதைச் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

"பழைய அளவுல தைச்சு உள்ள பஞ்சைத் திணிச்சா மூட்டை மாதிரி இருக்கும்மா. மொதல்ல உடம்போட ஒட்டி ஒரு உள்கோட்டு வேணும். தோள்ல ஒரு மடிப்பு, மார்புல ரெண்டு, வயித்துல நாலுன்னு பஞ்சை அடுக்கி, கேன்வாஸோட சேத்து அசையாம குத்தித் தைக்கணும். அதுக்கு மேலதான் கோட்டு. ஆடும்போது வயிறு தனியா, மனுஷன் தனியா ஆடக்கூடாது. அதுக்கு இப்ப இருக்கிற உடம்பை நான் பாக்கணும்."

அவள் வழிவிட்டாள்.

ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் ஃப்ளோரென்சியோ. கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற மனிதர் அவர். இப்போது போர்வைக்குள் எங்கேயோ இருந்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு கோட்டு தொங்கியது. அதே புறாக்கழுத்து நிறம். நேர்த்தியான, குறுகலான கோட்டு.

"என் பங்குத் துணியில மகன் தைச்சு அனுப்பினது" என்றார், கிறிஸ்பினின் பார்வையைப் பின்தொடர்ந்து. "சரியான அளவு. போட்டுக்கிட்டுக் கண்ணாடியில பார்த்தேன். யாரோ எவுசேபியோவைக் கூட்டிட்டு வந்து நிறுத்தின மாதிரி இருந்தது. கழட்டிட்டேன்."

கிறிஸ்பின் அந்தக் கோட்டின் தோளை விரலால் தொட்டார்.

"ஆண்டவருக்கு இன்னும் மூணு வருஷம் ஆடறேன்னு நேர்ந்துக்கிட்டேன். இது மூணாவது. ஒருநாள்தான், கிறிஸ்பின். கால் தாங்கும்னு டாக்டர் சொல்றார், நாலு தெருவுக்காவது. ஆனா தெருவுல இருக்கிறவன் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கக் கூடாது. ஆட்டத்தைப் பாக்கணும். அவ்வளவுதான் வேணும்."

"எழுந்து நிக்க முடியுமா?"

மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்தார். கிறிஸ்பின் பையைத் திறந்தார். பெனெடிக்டா தானாகவே மேசையிலிருந்து பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு வந்து, எழுதத் தயாராக நின்றாள்.

"எழுத வேண்டாம்மா" என்றார் அவர்.

அவர் பையிலிருந்து எடுத்தது நாடா இல்லை. இரண்டு விரல் அகலத்தில் வெட்டி ஒட்டிய நீளமான பழுப்புத் தாள் பட்டை. எண் அச்சடித்த நாடா வருவதற்கு முன் தையல்காரர்கள் அளந்த முறை அது. தாளை மார்பைச் சுற்றி வைத்தார். சேர்கிற இடத்தில் கத்தரிக்கோலால் ஒரு சின்ன வெட்டு. மார்புக்கு ஒற்றை வெட்டு. வயிற்றுக்கு இரட்டை. இடுப்புக்கு முக்கோணம். தோள், கை, முதுகு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி வெட்டு. எண் என்று ஒன்று எங்கேயும் பிறக்கவில்லை. அவர் உதடு அசையவில்லை. தாள் வெட்டுப்படும் மெல்லிய சத்தமும், நிற்க முயல்கிற மனிதரின் மூச்சும் மட்டும் அந்த அறையில் கேட்டன. கிறிஸ்பின் தன் வாழ்நாளில் அவ்வளவு நேரம் பேசாமல் அளந்ததில்லை.

தாளைச் சுருட்டிப் பைக்குள் வைத்தபோதுதான் பேசினார்.

"கழுத்துக்குக் கம்பளித் துண்டு போட்டுக்கங்க, ரெண்டு சுத்து. கைக்கு வெள்ளைக் கையுறை எப்படியும் உண்டு. கன்னத்துக்குத்தான் என்னால ஒண்ணும் செய்ய முடியல."

ஃப்ளோரென்சியோ மெதுவாக உட்கார்ந்தார். அவர் கண்ணில் பழைய குறும்பு ஒரு நொடி எட்டிப் பார்த்தது.

"கன்னத்துக்கா? ரெண்டு பக்கமும் கோக்கா இலையை அடக்கிக்கறேன். கேக்கறவன் கேக்கட்டும்."

பெனெடிக்டா சிரிக்கத் தொடங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வியாழன் முழுவதும் கிறிஸ்பின் உள்அறையில் தானே வெட்டினார், தானே ஓட்டுத் தையல் போட்டார். தையல்காரர்கள் கேட்டதற்கு, "ரிப்பேர் வேலை" என்று சொன்னாள் செனோபியா. வெள்ளிக்கிழமை மதியம் பொட்டலம் போய்ச் சேர்ந்தது.

*

சனிக்கிழமை ஊர்வலத்தில் அறுபது புறாக்கழுத்துக் கோட்டுகள் சரிவில் இறங்கின. வெயிலில் சாயும்போது செந்நிறக் கோடு மின்னி மறைந்தது. பித்தளை வாத்தியங்களின் சத்தத்தில் ஜன்னல்கள் அதிர்ந்தன. அவற்றுக்கும் முன்னால், கழுத்தில் இரண்டு சுற்றுத் துண்டோடு, கனமாக, நிதானமாக, ஒவ்வொரு அடியையும் யோசித்து வைப்பதுபோல ஆடிக்கொண்டு வந்தார் விழாத் தலைவர். பக்கத்தில் பெனெடிக்டா, அவர் முழங்கையைப் பெருமையாகப் பிடித்திருப்பதுபோலப் பிடித்துக்கொண்டு.

கிறிஸ்பின் நடைபாதையில் நின்றார். அவர் கண்ணில் ஆட்டம் படவில்லை. வலது தோளின் கீழே, உள்கோட்டும் வெளிக்கோட்டும் சேருகிற இடம் மட்டுமே தெரிந்தது. அது சுருங்கக்கூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். சுருங்கவில்லை. வயிறும் மனிதரும் ஒன்றாகவே திரும்பினார்கள்.

சற்றுத் தள்ளி ஃபெர்மினா ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வில்மர் அவள் பக்கத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தான்.

"தலைவர் ஃப்ளோரென்சியோ இன்னும் பெருத்துட்டாருய்யா!" என்று பின்னால் யாரோ கத்தினார்கள். "கன்னத்தைப் பாரு! டேய் கிறிஸ்பின், இந்த வருஷம் எவ்வளவு? நூத்தி முப்பதா? கூவு, கேப்போம்!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தபடி அவர் பக்கம் திரும்பிக் காத்திருந்தார்கள். பன்னிரண்டு வருடப் பழக்கம்.

கிறிஸ்பின் சட்டைப்பைக்குள் கையை விட்டார். பழுப்புத் தாள் பட்டை சுருண்டு கிடந்தது. அதை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தெரியாது" என்றார். "நான் அளக்கவே இல்ல."